நலமுரண் படிவத்தில் மைத்துனருக்கும் ஓர் இடம்

மணலியில் எங்கள் கிடங்கின் நலமுரண் அறிவிப்புப் படிவத்தில், ‘நிறுவன நலனுக்கு முரணான தொடர்பு இருந்தால் குறிப்பிடவும்’ என்ற ஒற்றை வரியே வழிகாட்டுதலாக இருந்தது. முரண் உண்டா என்ற தீர்ப்பை ஊழியரிடமே விட்டுவிடும் அந்த வரிக்கு ஏறக்குறைய எல்லோரும் ‘இல்லை’ என்றே எழுதினார்கள். லாரி வாடகைப் பில்களைச் சரிபார்ப்பவரின் மனைவியுடைய தம்பிதான் எங்களுக்கு லாரி விடுகிறார் என்பதும் அப்படித்தான் பதிவாகாமல் போனது. அவர் மறைக்கவில்லை, வாடகையைத் தாம் நிர்ணயிப்பதில்லை என்பதால் முரண் இல்லை என்று எண்ணியிருக்கிறார்.

‘உறவினர்’ என்று சேர்த்தாலும் போதாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டமும் அதன் விதிகளும் தரும் உறவினர் பட்டியலில் மைத்துனர் இல்லை. ஆகவே திருத்திய வாசகம் கருத்தைக் கேட்காமல் தகவலைக் கேட்கிறது: ‘நீங்களோ, உங்கள் கணவர் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், மைத்துனர், சகலை, சம்பந்தி ஆகியோரில் எவரேனுமோ, கடந்த 12 மாதங்களில் நமக்குப் பொருளோ சேவையோ விற்ற நிறுவனத்தில் பங்கோ வேலையோ கமிஷனோ பெற்றிருந்தால், அவர் பெயர், உறவு, அந்த நிறுவனம், அதன் பில்லோ ஒப்பந்தமோ உங்கள் கைக்கு வருமா என்பவற்றை எழுதுங்கள். முரணா இல்லையா என்பதை மனிதவளப் பிரிவு முடிவு செய்யும்.’

நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தால் பதில் மாறிவிடும் என்பதால், அப்போதே புதிய படிவம் தர வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம்.