காவடிக்கு முதல் நாள் ஏற்றிய கன்டெய்னர்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அதனால் அதற்கு முதல் நாள் போர்ட் லூயி குடோன்களில் எல்லோருக்கும் அவசரம். அன்று மாலைக்குள் ஒரு இருபது அடி கன்டெய்னரை மூடி, மேர் ரூஜ் முனையத்துக்கு அனுப்பியாக வேண்டும். சரக்கு, டர்பனுக்குப் போகும் பின்னலாடைகள், 400 பெட்டி. நான் தூத்துக்குடியிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் துறைமுக வேலை பார்த்தவன் என்பதால், ஏற்றுவதற்கான கணக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. பெட்டியின் நீளம் 58, அகலம் 38, உயரம் 36 சென்டிமீட்டர். ஒரு பெட்டி ஏறக்குறைய 0.079 சிபிஎம், அதாவது கன மீட்டர், வரும். 400 பெட்டிக்கு 31.7 சிபிஎம். இருபது அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33. ஒரு பெட்டி 12 கிலோதான், எடையைப் பற்றிக் கவலையே இல்லை. 'போதும், மிச்சமும் இருக்கும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கன அளவை வகுத்துப் பார்ப்பது தண்ணீருக்குச் சரி. பெட்டி தண்ணீர் மாதிரி மூலைக்குள் ஓடிப் போய் உட்காராது. கன்டெய்னரின் உள்ளே நீளம் 590, அகலம் 235, உயரம் 239. உயரத்தில் 36 சென்டிமீட்டர் பெட்டி ஆறுதான் நிற்கும். அது 216. மேலே 23 சென்டிமீட்டர் சும்மா கிடக்கும், அதில் எந்தப் பெட்டியும் எந்தப் பக்கமாகவும் நுழையாது. ஒரு அடுக்கில் 60 பெட்டி, ஆறு அடுக்குக்கு 360. கூரைக்குக் கீழே கிடக்கும் அந்தக் காலி இடத்தை நீள அகலத்தோடு பெருக்கினால் கிட்டத்தட்ட 3.2 சிபிஎம். வெளியே நின்ற 40 பெட்டியின் கன அளவும் அதேதான். இந்தப் பெருக்கலை நான் மறுநாள்தான் போட்டுப் பார்த்தேன்.

ஆபீஸில் ஒரு மென்பொருளும் இருந்தது. அது 396 என்றது. ஐந்து அடுக்கைப் படுக்கையாக வைத்து, ஆறாவது அடுக்கை மட்டும் செங்குத்தாக நிறுத்தச் சொன்னது. ஐந்து அடுக்குக்கு 180, நிமிர்ந்த பெட்டிக்கு 58, ஆக 238. கூரைக்கு ஒரு சென்டிமீட்டர் மிச்சம். திரையில் ரொம்ப அழகாகத்தான் இருந்தது.

எங்கள் மேஸ்திரி அண்ணன் அந்தத் தீவிலேயே பிறந்தவர். வீட்டில் கிரெயோல், கோயிலில் தமிழ். எனக்குத் தெரிந்த மட்டும் அவர் மென்பொருளைத் திறந்ததே இல்லை. முதல் வரிசையில் ஐந்து பெட்டி ஏறியதும் டேப்பை எடுத்து அளந்தார். 183. "தம்பி, இதில் இருப்பது கம்பளி. பெட்டி வயிறு தள்ளும்," என்றார். ஒவ்வொரு பெட்டியும் ஆறு மில்லிமீட்டர் உப்பியிருந்தது. 183-உம் 58-உம் சேர்ந்தால் 241. "பா ரான்த்ரே," என்று சொல்லி டேப்பைச் சுருட்டிவிட்டார். உள்ளே போகாது என்று அர்த்தம். அந்த வேலையில் நான் முதலில் கற்ற கிரெயோல் அதுதான்.

எல்லாப் பெட்டிகளையும் பக்கவாட்டில் சாய்த்து அடுக்கினால்? உயரம் 38 ஆகும், ஆறு அடுக்கு 228. தரையில் 58-க்கு 36, ஒரு அடுக்குக்கு 64 வரும், மொத்தம் 384. பென்சிலோடு போய்ச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பழைய பெட்டியின் ஓரத்தைக் கத்தியால் கீறிக் காட்டினார். இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையான தாள், அந்த அலைகள் மேலிருந்து கீழாக ஓடின. சின்னச் சின்னத் தூண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சாய்த்தால் இரு முனைச் சுவர்களிலும் தூண்கள் படுத்துவிடும். மேலே ஐந்து பெட்டி, 60 கிலோ. தை மாதம் அங்கே கோடை, காற்றில் ஈரம் சொட்டும். ஈரம் குடித்த அட்டை தன் பலத்தில் பாதியைக் கூட இழந்துவிடும். கடலில் கப்பல் ஆடுவது தனிக்கதை. பெட்டி மேல் அச்சடித்திருந்த அடுக்கு வரம்பும் ஆறுதான், அதுவும் நேராக நிற்கும் பெட்டிக்கு.

சரி, 360 என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த 60-ஐத் தரையில் எப்படிப் பரப்புவது என்பதிலும் நான் தவறியிருந்தேன். குறுக்கே நீளப் பக்கம் நாலு, உள்ளே போகப் போகப் பதினைந்து வரிசை என்று போட்டிருந்தேன். நாலு 58, 232. சுவருக்கு மூன்று சென்டிமீட்டர் இடம். காகிதத்தில் அது இறுக்கமான, நல்ல அடுக்கு. மூன்றாவது வரிசையில் நாலாவது பெட்டி பாதியில் நின்றது. பையன் தோளால் தள்ளினான். சுவரின் மடிப்பில் உரசி, பெட்டியில் ஒட்டியிருந்த டேப் கிழிந்து, உள்ளே பாலிதீன் பை தெரிந்தது. உப்பல் அந்த மூன்று சென்டிமீட்டரையும் தின்றிருந்தது. இது போதாதென்று, பதினைந்து வரிசைக்கு 570தான் ஆகும், கதவுப் பக்கம் 20 சென்டிமீட்டர் பள்ளம் விழும். கன்டெய்னர் சரக்கு அடுக்குவதற்காக ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட விதித்தொகுப்பில், பொதுவாக எந்தக் கிடைமட்டத் திசையிலும் காலி இடங்களின் கூட்டு 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. தாண்டினால் காற்றுப்பை மாதிரி எதையாவது வைத்து அடைக்க வேண்டும். அன்று கையில் இருந்தது இரண்டே காற்றுப்பை.

அண்ணன் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் போயிற்று, யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. பெட்டியைத் திருப்பி, குறுக்கே ஆறு, உள்நோக்கிப் பத்து வரிசை. அதே 60தான். ஆனால் குறுக்கே 228, ஏழு சென்டிமீட்டர் மிச்சம். நீளத்தில் 580, பத்து மிச்சம். இந்த இரண்டு மிச்சத்தையும் உப்பல் பாதி நிரப்பியது, மீதியை மடித்த அட்டை நிரப்பியது. ஒவ்வொரு பெட்டியும் கீழே இருப்பதன் மேல் மூலைக்கு மூலை உட்கார்ந்தது. செங்கல் கட்டுவது போல மாற்றி வைக்கலாமே என்று கேட்டதற்கு, "பெட்டி மூலையில்தான் சுமக்கும் தம்பி, நடுவில் வைத்தால் குழி விழும்," என்றார்.

கதவுக்கு முன் குறுக்கே கயிறு கட்டி, நாலரை மணிக்கு சீல் வைத்தோம். மிச்ச 40 பெட்டி வேறொருவர் சரக்கோடு பங்குக் கன்டெய்னரில் போயிற்று, சிபிஎம்முக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம்.

அதற்கப்புறம் தையல் ஆலை பெட்டியின் உயரத்தை 33 ஆக்கியது. ஏழு அடுக்கு, 231. நான் 420 என்று எழுதினேன், கொஞ்சம் பெருமையோடு. அண்ணன் பேனாவை வாங்கி 414 என்று திருத்தினார். உள்ளே கூரை 239 என்றாலும் கதவு வாயின் உயரம் 228தான். கடைசி வரிசையில் ஆறு பெட்டி ஏறிய பிறகு மேல்விட்டத்துக்கும் அடுக்குக்கும் நடுவே 30 சென்டிமீட்டர்தான் இருக்கும், 33 சென்டிமீட்டர் பெட்டி எந்த வழியில் நுழையும்? கதவோர வரிசை ஆறு உயரத்தோடு நின்றுவிடும்.

புதுப் பெட்டியில் அடுக்கு வரம்பு ஏழு என்று அச்சாகியிருந்தது. "அட்டையை மாற்றினார்களா, அச்சை மட்டும் மாற்றினார்களா?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை எடுத்தார். கீறினால் உள்ளே இரண்டு வரிசை அலை. அட்டையை மாற்றித்தான் இருந்தார்கள். அவர் முகம் தெளியவில்லை. டேப்பை எடுத்து அகலத்தை அளந்தார். 38 என்று சொல்லியிருந்த இடத்தில் 38.6. ஆறு பெட்டிக்கு 231.6, உப்பலோடு எங்கே போய் நிற்கும் என்று இருவரும் ஆறு பெட்டியைக் காலி கன்டெய்னரில் குறுக்கே வைத்துப் பார்த்தோம். ஆறாவதை நான் தோள் கொடுத்துத் தள்ள, சுவரில் உரசிக்கொண்டே போய் உட்கார்ந்தது. பெட்டியில் ஒட்டிய டேப் கிழியவில்லை.

"ரான்த்ரே," என்றார் அண்ணன்.