நிண்டு நூரேள்ளு, பதினாறும் பெற்று

சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை வீடு நெல்லூர், தெலுங்கு. அவர்கள் பெரியவர்கள் சொல்லும் வாழ்த்து "நிண்டு நூரேள்ளு சல்லகா உண்டாலி". யாரோ அதை அப்படியே தமிழாக்கி "முழு நூறாண்டு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்" என்று போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு ஃப்ரிட்ஜ் விளம்பரம்தான் ஞாபகம் வந்தது! தெலுங்கில் சல்லகா என்றால் குறையில்லாமல், நிம்மதியாக. நம்ம பதினாறும் அப்படித்தான். அது பதினாறு பேறுகள், தெலுங்கில் வெறும் எண்ணாகப் போட்டால் பதினாறு பிள்ளைகள் என்றுதான் நினைப்பார்கள்.

அதனால் எந்த வாழ்த்தையும் மொழிபெயர்க்கவே இல்லை. மேலே இடப்பக்கம் தெலுங்கு வாழ்த்து தெலுங்கு எழுத்தில், வலப்பக்கம் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க", நடுவில் இரண்டு பெயர்கள், கீழே அவர்களுக்கே உரிய ஒரு வரி: "மூன்று வருஷம் பேருந்தில் பக்கத்து இருக்கை, இனி எல்லாப் பயணமும் சேர்ந்தே". இதைத் தெலுங்கில் மாப்பிள்ளையே தன் பேச்சுவழக்கில் எழுதினான், வார்த்தைக்கு வார்த்தை ஒத்துவரவில்லை, பரவாயில்லை. காதல் இந்த ஒரு வரியில் இருந்தால் போதும், "இதயங்கள் இணையும் இனிய தருணம்" எல்லாம் வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சண்டையே போட்டேன்.

அப்புறம் அச்சுப் பிழை. நூரேள்ளுவில் இரண்டாவது ள, முதல் ளவுக்குக் கீழே தொங்க வேண்டும். முதல் ப்ரூஃபில் அது பக்கத்தில் தனியாக நின்றது. எழுத்துரு கோளாறு. தெலுங்கு தெரிந்த ஒருவர் தாளில் பார்த்த பிறகுதான் அச்சுக்கு விட்டோம்.