கதவைத் திறந்தால் டிரம் நிற்கிறது, சரி. எது நிறுத்துகிறது?

இரண்டு வருடத்தில் மூன்றாவது டிரைவும் செத்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. திருப்பூரில் ஃப்ளீஸ் துணியின் மேல் பஞ்சு எழுப்பும் ரைசிங் வேலை ஓட்டும் யூனிட் எங்களுடையது. மெஷினின் பெரிய டிரம்மை 11 கிலோவாட் மோட்டார் சுற்றுகிறது, அதன் வேகத்தை ஆள ஒரு வி.எஃப்.டி., அதாவது டிரைவ். ரிப்பேர் செய்பவர் மூடியைக் கழற்றி, கருகிப்போன ஒரு ரெசிஸ்டரைக் காட்டினார். "மெயினை அடிக்கடி ஆஃப் ஆன் பண்றீங்களாங்க?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பேனல் செய்து கொடுத்தவர் பழைய பழக்கத்தில் வயரிங் போட்டிருந்தார். முன்கதவின் சுவிட்சும் எமர்ஜென்சி பட்டனும் சீரியஸில் போய், காயிலில் கரண்ட் இருக்கும் வரை மட்டும் மூடியிருக்கும் பெரிய சுவிட்சான ஒரு கான்டாக்டரின் காயிலில் முடியும். அந்தக் கான்டாக்டர் டிரைவுக்கு வரும் மூன்று பேஸையும் வெட்டும். கதவைத் திறந்தால் டிரைவுக்குக் கரண்ட் போய்விடும், அவ்வளவுதான். நேரடியாக ஓடும் மோட்டாருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரைசிங்கில் பஞ்சு அடைக்கும், துணி உருளையில் சுற்றும். ஆப்பரேட்டர் கதவைத் திறப்பார், ஒரு இழுப்பு இழுப்பார், மூடி ஸ்டார்ட் போடுவார், மறுபடி திறப்பார். ஒரு அடைப்பு எடுப்பதற்குள் நாலைந்து முறை மெயின் போய் வந்துவிடும்.

டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது 415 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கரண்ட் பாய்ந்து உள்ளே எல்லாம் கருகிவிடும். அதனால் முதலில் ஒரு ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பி, நிரம்பியதும் ஒரு ரிலே அந்த ரெசிஸ்டரை ஓரங்கட்டுகிறது. ஒவ்வொரு முறை மெயின் வரும்போதும் அந்த ரெசிஸ்டர் சூடாகிறது, ஆறுவதற்கு அவகாசம் வேண்டும். எங்கள் டிரைவின் கையேட்டில் நிமிடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் மெயினைப் போடக் கூடாது என்று தெளிவாகவே இருந்தது. மூன்று டிரைவுக்குக் காசு கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

சரி, புது டிரைவ் மாட்டினோம். மறுநாளே டிரம் ஆப்பரேட்டர் வந்து நின்றார். "ஏனுங்க சார், கதவத் தொறந்தா டிரம் நிக்கவே மாட்டேங்குது. முன்னால சட்டுனு நிக்குமுங்க." நான் நம்பவில்லை. அதே கான்டாக்டர், அதே மோட்டார், எப்படி மாறும்? டிரம்மின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கதவு திறப்பதையும் சேர்த்து செல்போனில் வீடியோ எடுத்தோம். நிற்க 40 வினாடி ஆனது.

காரணத்தைத் தேட இரண்டு நாள் ஆனது. பழைய டிரைவில், மெயின் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டரை யாரோ மாற்றியிருந்திருக்கிறார்கள். மெயின் போனதும் மோட்டாரின் வேகத்தை ராம்ப்பில், அதாவது சீராக, இறக்கி நிறுத்து என்று அதில் இருந்திருக்கிறது. சுற்றும் டிரம்மின் வேகத்திலிருந்தே டிரைவ் தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை பிரேக் ரெசிஸ்டரில் எரித்து டிரம்மை இறக்கும். புது டிரைவில் அது கம்பெனி செட்டிங்கிலேயே இருந்தது, அதாவது மெயின் போனால் கைவிட்டுவிடு. பழையபடி மாற்றி அளந்தால் 9 வினாடி.

எனக்கு வியர்த்துவிட்டது. இத்தனை நாள் கான்டாக்டர் டிரம்மை நிறுத்துகிறது என்று நினைத்தோம். உண்மையில் கான்டாக்டர் விழுந்த பிறகும் அந்த 9 வினாடி முழுக்க டிரைவ் உயிரோடு இருந்து மோட்டாரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தியது ஒரு சாஃப்ட்வேர் செட்டிங். உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 580 வோல்ட் டி.சி. நிற்கும்போது, வெளியே மூன்று கம்பியை வெட்டினால் மோட்டாரின் முறுக்கு அந்தக் கணமே போய்விடாது.

பக்கத்து யூனிட் நண்பர், "கான்டாக்டரை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல போட்ருங்க" என்றார். அவர் அப்படித்தான் போட்டிருக்கிறார். ஓடும்போது அது திறந்தால் கான்டாக்டில் தீப்பொறி பறக்கும். டிரைவ் குறைந்த ஃப்ரீக்வென்சியில் இருந்தால் ஆர்க் அணைவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதே அபூர்வமாகிவிடும். டிரைவ் 50 ஹெர்ட்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கான்டாக்டர் மூடினால், நின்ற மோட்டார் ஒரே இழுப்பாக இழுத்து டிரைவை ஓவர்கரண்டில் டிரிப் செய்யும். அவர் மாதாமாதம் கான்டாக்ட் கிட் வாங்குவதன் ரகசியம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அப்புறம்தான் டிரைவிலேயே சும்மா கிடந்த எஸ்.டி.ஓ. டெர்மினல்களைப் பார்த்தேன். சேஃப் டார்க் ஆஃப், அதாவது மோட்டாரின் முறுக்கைப் பாதுகாப்பாக வெட்டுவது. மோட்டார் சுற்ற வேண்டுமானால் டிரைவில் உள்ள ஐ.ஜி.பி.டி. என்ற ஆறு மின்னணு சுவிட்சுகளையும் வரிசை தப்பாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்.டி.ஓ. அந்தத் தட்டுதலையே இரண்டு தனித்தனி வழியில் வெட்டிவிடுகிறது. இரண்டு டெர்மினலிலும் 24 வோல்ட் இருந்தால்தான் தட்டுதல் நடக்கும், எடுத்தால் சில மில்லி செகண்டில் முறுக்கு பூஜ்யம். எந்தப் பாராமீட்டரும் குறுக்கே வராது. மெயின் அப்படியே இருப்பதால் கெப்பாசிட்டர் நிரம்பியபடியே இருக்கும், ப்ரீசார்ஜுக்கு வேலையே இல்லை. கதவை நூறு முறை திறந்து மூடினாலும் ரெசிஸ்டருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு சேனல் சேஃப்டி ரிலே வாங்கி, எலக்ட்ரீஷியன் தம்பி வயரிங் போட்டு முடித்தான். எமர்ஜென்சி பட்டனை அழுத்தினேன். ரிலேயின் விளக்கு அணைந்தது. டிரம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனியிலிருந்து வரும்போதே 24 வோல்ட்டிலிருந்து இரண்டு எஸ்.டி.ஓ. டெர்மினலுக்கும் ஜம்பர் என்ற இணைப்புக் கம்பி போட்டுத்தான் வரும், எஸ்.டி.ஓ. வேண்டாதவர்களுக்காக. தம்பி அதைக் கழற்றாமல், அதே டெர்மினலில் ரிலே வயரையும் சேர்த்துச் சொருகிவிட்டான். ரிலே திறந்தாலும் ஜம்பர் 24 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவனைத் திட்டிப் பயனில்லை, நானும்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜம்பரைக் கழற்றியதும் சரியானது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஒரு சேனல் வயரை மட்டும் உருவி டிரைவ் நிற்கிறதா என்று பார்ப்பேன், பிறகு அதைச் சொருகிவிட்டு மற்றதை உருவுவேன். இரண்டையும் சேர்த்து மட்டும் சோதித்தால், ஒரு வழி செத்திருப்பது தெரியவே தெரியாது. ஒற்றைச் சேனல் மட்டும் விழுந்தால் எங்கள் டிரைவ் ஃபால்ட் காட்டிவிட்டு, மெயினை ஆஃப் செய்து போடும் வரை அசைய மறுக்கும். அது நல்லதுதான்.

ஆனால் வீடியோவில் பார்த்தால் மறுபடி 40 வினாடி! எஸ்.டி.ஓ. என்பது முறுக்கை விடுவது மட்டும்தான், பிரேக் இல்லை. டிரம் தன் பாரத்தில் தானாகச் சுற்றி ஓயும். இதை மெஷின்களின் மின்பகுதிக்கான 60204-1 தரநிலை ஸ்டாப் கேட்டகரி 0 என்கிறது. எங்களுக்கு வேண்டியது கேட்டகரி 1, முதலில் இறக்கி நிறுத்தி, பிறகு முறுக்கை வெட்டுவது. டிரைவ் தரநிலையான 61800-5-2-இல் அதன் பெயர் எஸ்.எஸ்.1.

அதற்கு, சிக்னல் வந்ததும் ஒரு கான்டாக்ட் உடனே டிரைவுக்கு ராம்ப் ஸ்டாப் சொல்ல வேண்டும், தாமதமாகத் திறக்கும் கான்டாக்ட் எஸ்.டி.ஓ.வை வெட்ட வேண்டும். இதற்காகக் கோயம்புத்தூர் போய் ஒரு சாதாரண ஆஃப்-டிலே டைமரை வாங்கி வந்தேன். போக வர 100 கிலோமீட்டர், ஒரு நாள் வீண். அதன் ஒற்றைக் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் எஸ்.டி.ஓ. விழவே விழாது, ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிக்கவும் எதுவும் இல்லை. தாமதம் உள்ளேயே இருக்கும் சேஃப்டி ரிலேதான் வேண்டும் என்று மறுநாள் மறுபடி போனேன். 9 வினாடி ராம்ப்புக்கு மேல் கொஞ்சம் விட்டு 12 வினாடி வைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. ராம்ப் டிரைவின் வேலை, அது சொதப்பலாம். பிரேக் ரெசிஸ்டர் வயர் அறுந்தால் டிரைவ் டிரிப் ஆகி மோட்டாரை விட்டுவிடும், டிரம் அதன் 40 வினாடியை எடுத்துக்கொள்ளும். ஆகவே கதவுப் பூட்டை 12 வினாடியை வைத்துக் கணக்குப் போட முடியாது. பூட்டு உள்ள கதவு சுவிட்ச் போட்டு, திறக்க 60 வினாடி வைத்தேன். கரண்ட் கொடுத்தால்தான் விடுபடும் வகைப் பூட்டு. மின்வெட்டில் டிரம் தானாகச் சுற்றி ஓயும்போதும் கதவு மூடியே இருக்கும்.

இடையில் இன்னொரு பயம். தம்பி, "எஸ்.டி.ஓ. விழுந்தாச்சுங்க, மோட்டார் ஃபேன் கவரைக் கழட்டி டெர்மினல் பாக்ஸையும் பாத்தர்றேன்" என்று ஸ்பேனரோடு போனான். டெஸ்டரை முதலில் வைத்துப் பார் என்றேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. எஸ்.டி.ஓ. மோட்டார் கம்பிகளைப் பிரிப்பதில்லை, ஐ.ஜி.பி.டி.க்களுக்குப் பின்னால் அந்தக் கெப்பாசிட்டர்கள் இருக்கும் டி.சி. பஸ் முழு வோல்ட்டேஜோடு நிற்கிறது. மோட்டாரில் கை வைக்க வேண்டுமானால் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டு, டிரைவ் மேல் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரால் பஸ்ஸை அளந்த பிறகுதான். பழைய கான்டாக்டர் விழுந்தபோது கூட இது பொருந்தும், அப்போது நாங்கள் அதையும் செய்ததில்லை.

மூன்றாம் நாள் நைட் ஷிஃப்டில் போய்ப் பார்த்தேன். கதவு திறந்து கிடக்கிறது, டிரம் ஓடுகிறது! பூட்டுக்கான உபரிச் சாவியை யாரோ ஸ்டோரிலிருந்து எடுத்து, கதவு மூடியிருப்பதாக சுவிட்சை ஏமாற்ற அதற்குள் சொருகி நூலால் கட்டியிருந்தார்கள். கத்தினேன். ஆப்பரேட்டர் அமைதியாகச் சொன்னார்: "ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு நிமிசம் நின்னா பீஸ் எப்புடிங்க ஓடும்?" டிரம் பத்தாவது வினாடியே நின்றுவிடுகிறது, பூட்டு மட்டும் இன்னும் 50 வினாடி அடம் பிடிக்கிறது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

டிரம் ஷாஃப்டில் இரண்டு ப்ராக்ஸிமிட்டி சென்சார் வைத்து, அவற்றை ஒரு ஸ்டாண்ட்ஸ்டில் ரிலேக்குக் கொடுத்தேன். இப்போது டிரம் உண்மையிலேயே நின்றால்தான் பூட்டு விடும். ராம்ப் வேலை செய்தால் 10 வினாடி, செய்யாவிட்டால் 40. உபரிச் சாவியை வாங்கி என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் எரிந்த மூன்று டிரைவுகளும் அதே மேஜைக்குக் கீழேதான் கிடக்கின்றன.