சாவி கைக்கு வரும் முன்பே ஒப்படைக்கப்பட்ட வீடு

வீடு கட்ட ஒப்பந்தம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பக்கங்களைத்தான் கவனித்துப் படிக்கிறார்கள்: எவ்வளவு பணம், எப்போது முடியும், முடித்த பிறகு ஒழுகினால் யார் பொறுப்பு. கட்டடப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்காரர்களுக்காக ஒப்பந்தங்களைப் படித்துச் சுருக்கம் எழுதித் தரும் பணிக்கு வந்தபின் எனக்குப் பிடிபட்டது, இந்த மூன்றும் தனித்தனியாகப் படித்தால் நியாயமாகவே தோன்றும் என்பது. சேர்த்துப் படிக்கும்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

ஓர் ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒப்பந்ததாரர் ஊரில் நல்ல பெயர் உள்ளவர், ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. எப்போதோ யாருக்கோ எழுதிய படிவத்தைப் பெயர் மாற்றி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் அதற்கு ஒரு சுருக்கம் தயாரித்திருந்தார். பிரிவு வாரியாக, பிழையே இல்லாமல். ஆசிரியர் அதை வாசித்துவிட்டு, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். பிழையில்லாத சுருக்கம் அவருக்கு ஒன்றையும் காட்டவில்லை என்பதற்கு அந்தக் கேள்வியே போதும்.

நான் முதலில் செய்தது, மொத்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டு தவணைகளை ஒரு பத்தியில் எழுதியது. கையெழுத்தின்போது 10. அஸ்திவாரம் தொடங்கும்போது 15, பேஸ்மட்டம் தொடங்கும்போது 15, சுவர் எழுப்பத் தொடங்கும்போது 15. கூரைத் தளத்துக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்டரிங் தொடங்கும்போது 20, பூச்சு தொடங்கும்போது 12, டைல்ஸும் பெயிண்டும் தொடங்கும்போது 10, சாவி கொடுக்கும்போது 3. பக்கத்துப் பத்தியில், அதே கட்டங்களில் உண்மையாக முடிந்திருக்கும் வேலையின் மதிப்பை எழுதினேன். இதற்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. ஒப்பந்ததாரரே இணைத்திருந்த மதிப்பீட்டில் அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் சேர்ந்து 15, கதவு, ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் வரை சுவர் 14, அதற்கு மேல் தளம் முடியும் வரை 18, பூச்சு 13 என்று இருந்தது. கதவு, ஜன்னல், மின்சாரம், குழாய், தரை, பெயிண்ட் எல்லாம் சேர்ந்து மீதி 40.

இரண்டு பத்திகளையும் எதிரெதிரே வைத்தால் படம் தெளிவாகிவிடும். சென்டரிங் தொடங்கும் நாளில் ஆசிரியர் 75 கொடுத்திருப்பார், முடிந்த வேலை 29-க்குச் சற்று மேல். டைல்ஸ் தொடங்கும் நாளில் 97 கொடுத்திருப்பார், முடிந்த வேலை 60-ஐ ஒட்டி இருக்கும். அதாவது, வீட்டின் மிக நுணுக்கமான, மிக அதிகம் தவறு நடக்கக்கூடிய 40 பங்கு வேலையைச் செய்துமுடிக்க ஒப்பந்ததாரருக்கு இனி வரவேண்டியது வெறும் 3. அந்தக் கட்டத்தில் அவருக்கு வேறு இடத்தில் புது வேலை ஒன்று முன்பணத்தோடு வந்தால் ஆட்கள் எங்கே போவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் வேண்டாம். கணக்கே அப்படித் தள்ளும்.

"தாமதமானால் அபராதம் இருக்கிறதே, சார்?" என்றார் ஆசிரியர். இருந்தது. வாரத்துக்கு அரை சதவீதம், உச்சவரம்பு ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம். பத்து வாரம் தாமதமானால் 5 கிடைக்கும் என்று அவர் மனக்கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அந்த அரை சதவீதம் எதன்மீது என்பது அடுத்த வரியில் இருந்தது: 'முடிவடையாத வேலையின் மதிப்பின் மீது'. தாமதம் அஸ்திவாரத்தில் வருவது குறைவு. கடைசியில், கதவுக்கு வார்னிஷும் குளியலறைக் குழாயும் பெயிண்டும் மிச்சமிருக்கும்போதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். அப்போது முடியாத வேலை 8 பங்குதான் இருக்கும். அதில் அரை சதவீதம் என்றால் வாரத்துக்கு 0.04. பத்து வாரத்துக்கு 0.4. அவர் எதிர்பார்த்ததில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. குடியேற முடியாமல் வாடகை கட்டுவதோ முழு வீட்டுக்கும்.

இதே ஒப்பந்தத்தில், பில் கொடுத்து ஏழு நாளுக்குள் ஆசிரியர் பணம் தராவிட்டால் மாதம் ஒன்றரை சதவீத வட்டி; அதோடு வேலையை நிறுத்திவைக்கும் உரிமை; நிறுத்திய நாள்கள் அளவுக்குக் கெடுவும் நீளும். கூரைத் தவணை 20-ஐ அவர் ஒரு மாதம் தாமதித்தால் 0.3 கட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் கடைசிக் கட்டத்தில் நாலு வாரம் தாமதித்தால் 0.16. இந்த இரண்டு எண்களையும் சுருக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் எழுதினேன். கருத்து எதுவும் எழுதவில்லை.

வேலையை முடிக்கவேண்டிய பதினோரு மாதக் கெடு எந்த நாளிலிருந்து என்பதையும் பார்த்துவிட வேண்டும். முன்பணம் வந்த நாள், மனை கைக்கு வந்த நாள், வரைபட அனுமதி கிடைத்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. இது நியாயமான ஏற்பாடுதான். அந்த நாள் எது என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

இனி வருவதுதான் எனக்கு ஒரு முழு மாலையை எடுத்துக்கொண்ட இடம். வீட்டில் தெரியும் குறைகளை ஒப்பந்ததாரர் சரிசெய்து தரவேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 'ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம்' என்று பின்பக்கத்தில் இருந்தது. ஒப்படைப்பு என்றால் என்ன என்று மூன்றாம் பக்கத்து விளக்கங்களில் வேறொரு வாக்கியம்: சாவி கொடுத்த நாள், அல்லது வீட்டின் எந்த ஒரு பகுதியையாவது உரிமையாளர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், இவற்றில் எது முந்தியதோ அது. ஆசிரியரிடம் சாதாரணமாகக் கேட்டேன்: "அலமாரி வேலையை யார் செய்கிறார்கள்?" தனியாக ஒரு தச்சரிடம் சொல்லியிருப்பதாகவும், டைல்ஸ் போட்டதும் அவர் வந்து சமையலறையில் வேலையைத் தொடங்குவார் என்றும் சொன்னார்.

அப்படியானால், தச்சர் தன் பலகைகளை உள்ளே இறக்கும் காலையிலேயே 'பயன்படுத்தத் தொடங்கியாயிற்று' என்று வாதிடலாம். அந்த ஒரு காலையில் மூன்று நிகழ்ந்துவிடும். தாமத அபராதத்தின் கடிகாரம் நின்றுவிடும், ஏனென்றால் வீடு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. கடைசித் தவணை 3 கொடுக்கவேண்டியதாகிவிடும். குறைபாட்டுப் பொறுப்பின் 12 மாதம் ஓடத் தொடங்கிவிடும், இன்னும் பெயிண்டே அடிக்காத வீட்டுக்கு. வேலை மேலும் நாலு மாதம் இழுத்தால், குடியேறியபின் மிஞ்சுவது எட்டு மாதம். கூரை ஒழுகுகிறதா என்று காட்டிக்கொடுப்பது மழைக்காலம். அந்த எட்டு மாதத்துக்குள் மழைக்காலம் முழுதாக வராமலே போகலாம்.

ஒரு பிரிவின் விளைவு இன்னொரு பிரிவின் சொல்விளக்கத்தில் ஒளிந்திருப்பது ஒப்பந்தங்களில் வெகு சகஜம். அதனால் எங்கள் சுருக்கங்களில் இப்போது பிரிவு வரிசையைப் பின்பற்றுவதில்லை, நாள் வரிசையைப் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு நாளிலும் யார் பணம் யார் கையில் இருக்கிறது, எந்தக் கடிகாரம் ஓடுகிறது, எது நிற்கிறது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பிரிவு எண். ஒப்பந்ததாரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது விரல் வைத்துக் காட்ட அது வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன இல்லை என்பதற்கும் தனியாக ஒரு பத்தி வைத்தேன். குறைபாட்டுக் காலம் முடியும் வரை பிடித்துவைக்கும் தொகை இல்லை. ஒரு கட்டம் முடிந்தது என்று யார் சொல்வது என்பது இல்லை. அபராதத்தை இடையில் வரும் பில்களில் கழிக்கலாமா என்பது இல்லை. கடைசித் தவணையில் கழிக்கலாம் என்று மட்டும் இருந்தது. கடைசித் தவணையோ 3. ஆக 5 என்ற உச்சவரம்பு வெறும் அலங்காரம்.

சுருக்கத்தோடு நடந்த பேச்சில் நானும் இருந்தேன். ஒப்பந்ததாரர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. "கம்பியும் சிமென்டும் நான் முன்கூட்டியே காசு கொடுத்து எடுக்க வேண்டும் சார், தளம் போட்ட பிறகு பணம் என்றால் நான் கடன் வாங்க வேண்டும், அந்த வட்டியும் உங்கள் தலையில்தான் வரும்" என்றார். அவர் சொன்னது உண்மை. கட்டம் முடிந்தபின்தான் பணம் என்று கண்மூடிக்கொண்டு எழுதச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கம்பி மனைக்கு வந்து இறங்கியதும் 8, தளம் போட்டதும் 10 என்று கூரைத் தவணை இரண்டாகப் பிரிந்தது. மற்றவை 'தொடங்கும்போது' என்பதிலிருந்து 'முடிந்தபின்' என்று மாறின. முந்தைய கட்டங்களின் தொகைகள் குறைந்து, டைல்ஸும் பெயிண்டும் கூடுதல் தொகையோடு தனித்தனித் தவணைகளாயின. புதிய வரிசையில் டைல்ஸ் தொடங்கும் நாளில் கொடுத்திருப்பது 75, முடிந்திருப்பது 60. முன்பு 37 ஆக இருந்த இடைவெளி 15.

பிடித்தத் தொகையாக 5 கேட்டோம், இரண்டரைதான் கிடைத்தது. அபராதத்தில் அவர் விட்டுக்கொடுத்தது வேறு விதம்: முடியாத வேலை என்பதை எடுத்துவிட்டு, மொத்தத் தொகையில் வாரத்துக்கு கால் சதவீதம், எந்த பில்லிலும் கழிக்கலாம். விகிதம் பாதியானதாகத் தோன்றும். பத்து வாரத்துக்கு இரண்டரை கிடைக்கும், பழையபடி 0.4 அல்ல. வட்டிப் பிரிவைத் தொட அவர் சம்மதிக்கவில்லை. ஆசிரியரிடம் பணம் தயாராக இருந்ததால் அதை விட்டுவிடலாம் என்று நானே சொன்னேன்.

ஒப்படைப்புக்குப் புதிய விளக்கம் எழுதினோம்: மிச்ச வேலைகளின் பட்டியலோடு இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாளின் தேதி மட்டுமே, உரிமையாளரின் தச்சர் உள்ளே வேலை செய்வது பயன்பாடு ஆகாது. பதிலுக்கு, தச்சர் டைல்ஸை உடைத்தால் அது தன் பொறுப்பல்ல என்று ஒப்பந்ததாரர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம்.

இழுபறியாகவே நின்றது விரிசல் விஷயம். 'மயிரிழை விரிசல்கள் குறைபாடாகக் கருதப்படமாட்டா' என்று இருந்தது. பூச்சு உலரும்போது மெல்லிய விரிசல் விழுவதும், செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் கோட்டில் பிளவு தெரிவதும் இயல்பு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி வளர்ந்துகொண்டே போகும் விரிசல் வேறு வகை, அது சுவர் அசைவதன் அறிகுறியாக இருக்கலாம். தொடங்கும்போது இரண்டும் ஒரே தடிமன்தான். ஆகவே தடிமனுக்கு ஓர் அளவு எழுதுவதைவிட, வளர்கிறதா என்பதை அளவுகோலாக்கலாம் என்றேன்: விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, படம் எடுத்து அனுப்புவது, மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அது குறைபாடு. ஒப்பந்ததாரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்தான பிரதியில் அந்த வரி இல்லை. பழைய வாக்கியமே இருந்தது. ஆசிரியர் அது தெரிந்தேதான் கையெழுத்திட்டார்.