லாக்லைன் மூன்று முறை மாறிய கதை

தூத்துக்குடி உப்பளத்தைக் களமாகக் கொண்ட பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றுக்காக ஒரு தயாரிப்பாளரை அணுகியபோது, திரைக்கதை இப்போது வேண்டாம், கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லும் லாக்லைனும், அதைக் காட்சி வரிசையில் ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல் விவரிக்கும் ட்ரீட்மென்டும் போதும் என்றார். “உப்பளத் தொழிலாளர்களின் வலியைச் சொல்லும் படம்” என்று நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு, “இது தலைப்பு, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது?” என்று கேட்டார்.

இரண்டாவது முயற்சியில் கணவனின் குடி, மகளின் படிப்பு, கடன் என அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் திணித்தேன். அதை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, தாளை வாங்கிக்கொண்டு திருப்பிச் சொல்லச் சொன்னபோது, அவருக்குக் குடிகாரக் கணவன் மட்டுமே நினைவில் இருந்தான். என் படத்திலோ அவன் ஒரு காட்சியில்கூட இல்லை.

மூன்றாவது இப்படி அமைந்தது: “மழைக்காலத்தை ஓட்டுவதற்கான முன்பணத்தைப் பெற, பார்வை மங்கிவரும் உப்பளத் தொழிலாளி ஒருத்தி, பருவத்தின் கடைசி நாளில் தன் குறையைக் கணக்கப்பிள்ளையிடமிருந்து மறைத்து வேலை செய்கிறாள்.” இதில் அவளுடைய பெயர் இல்லை, பெயர் வாசிப்பவருக்கு எதையும் சொல்லாது, பார்வை மங்குவது சொல்லும்.

ட்ரீட்மென்டை நிகழ்காலத்தில், வசனமின்றி, திரையில் காணவும் கேட்கவும் கூடியவற்றை மட்டும் கொண்டு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், “தன் வாழ்க்கை இருண்டுவிட்டதாக அவள் உணர்கிறாள்” என்று எழுதியிருந்தேன். கேமரா அதை எப்படிப் படம்பிடிக்கும்? அந்த வரியை அடித்துவிட்டு, “வெயிலில் பாத்தியும் வரப்பும் ஒரே வெள்ளையாகத் தெரிய, அவள் காலால் தடவி வரப்பைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த அடி வைக்கிறாள்” என்று எழுதியதும், நடிகைக்குச் செயலும் ஒளிப்பதிவாளருக்குச் சட்டகமும் கிடைத்தன. உணர்வைச் சொல்லும் வினைச்சொற்களை வட்டமிட்டுப் பார்த்தபோது முதல் வரைவில் பதினொன்று இருந்தன. மூன்றைத் தவிர மற்றவை செயல்களாக மாறின, அந்த மூன்றும் நீங்கின.

பெரிய பிழை முடிவில் இருந்தது. ஆர்வத்தைத் தூண்டுவதாக எண்ணி, “அவளுக்குப் பணம் கிடைத்ததா?” என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். முடிவு தெரியாமல் பணம் போட முடியாது என்று தயாரிப்பாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். உண்மையில் முடிவு எனக்கே தெளிவாக இருக்கவில்லை. கேள்விக்குறியால் அதை மூடியிருந்தேன். ஒரு வாரம் கழித்து இவ்வாறு எழுதினேன்: ஆண்டுதோறும் கையெழுத்திடும் அவள் இம்முறை பெருவிரலை நீட்டுகிறாள், அதுவும் கோட்டுக்கு வெளியே, வேறொருத்தியின் பெயர்மீது பதிகிறது. கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறார், ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணுகிறார்.

அதன்பின் தயாரிப்பாளர் கேட்டது ஒன்றுதான்: கடைசிக் காட்சியில் மழை பெய்ய வேண்டுமா? செயற்கை மழைக்குத் தண்ணீர் லாரி, குழாய், கூடுதல் ஆட்கள் எனச் செலவு ஏறும். இடியோசையும் உப்புக் குவியலின் மேல் படரும் நிழலும் போதும் என்று ஒரு பத்தியை மாற்றினேன். திரைக்கதையை எழுதி முடித்த பின் இக்கேள்வி வந்திருந்தால், மழையைச் சார்ந்த நான்கு காட்சிகளைத் திருத்த வேண்டியிருந்திருக்கும். மறுநாள் காலையில் முதல் காட்சியை எழுதத் தொடங்கினேன்.