பொருத்துக: எந்த ஜோடியில் தொடங்குவது?

டிஎன்பிஎஸ்சி பாணியில் ஒரு பொருத்துக பாருங்க. இடப்பக்கம் வைட்டமின் ஏ, பி1, சி, டி. வலப்பக்கம் 1. ரிக்கெட்ஸ், 2. மாலைக்கண், 3. ஸ்கர்வி, 4. பெரிபெரி. விடைகள் இப்படி:

அ) 2 4 3 1
ஆ) 2 1 3 4
இ) 4 2 3 1
ஈ) 2 4 1 3

பலருக்கும் உடனே தெரிவது சி–ஸ்கர்வி. ஆனால் மூன்றாம் இடத்தில் 3 என்பது மூன்று விடைகளில் இருக்கு, ஒன்றுதான் கழியும். டி–ரிக்கெட்ஸ் தெரிந்தால் கடைசி இடத்தில் 1 உள்ள அ, இ மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் வித்தியாசம் முதல் இரு இடங்களில்தான். ஏ குறைந்தால் மாலைக்கண், அதனால் அ. பி1 தெரியாமலே விடை வந்துடுச்சு.

ஆகவே தெரிந்த ஜோடிகளில், விடைகளுக்குள் எந்த இடத்து எண் அதிகம் மாறுதோ அதை முதலில் எடுங்க. அரைகுறையாத் தெரிந்த ஜோடியை வைத்து மட்டும் அடிக்காதீங்க, சரியான விடையே முதலில் போயிடும்.