மகளின் வகுப்புப் படமும் ஸ்டுடியோவுக்கு எழுதிய இரண்டு கடிதங்களும்

ஆடி மாதம் பாம்பனில் கச்சான் காற்று அடித்தால், கொடியில் காயும் துணி கிளிப்போடு பறந்துவிடும். அப்படி ஒரு நாளில்தான் மகளின் பள்ளி மைதானத்தில் பெஞ்சு போட்டு வகுப்புப் படம் எடுத்தார்கள். பிரிண்ட் போடுவதற்கு முன் பார்க்கச் சொல்லி மாதிரிப் படம் ஒன்று வந்தது. பிள்ளையின் சட்டைக் காலர் ஒரு பக்கம் ஓவர்கோட்டுக்குள் மடிந்து கிடந்தது. ஒரு ஜடையில் சிவப்பு ரிப்பன் அவிழ்ந்து, அதன் வால் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேதான் படத்தை என்னிடம் காட்டினாள்.

அன்றைக்கே ஸ்டுடியோவுக்கு ஒரு கடிதம் எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். "என் மகளின் இடது பக்கக் காலரையும் ரிப்பனையும் சரிசெய்து தரவும்" என்று ஒரே வரி. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்த படத்தைப் பார்த்ததும் மனசே விட்டுப்போச்சு. நன்றாக இருந்த ரிப்பனைப் பெரிதாக்கியிருந்தார்கள், அவிழ்ந்தது அவிழ்ந்தபடியே இருந்தது. காலர் இருந்தது, ஆனால் ஏதோ ஒட்டவைத்தது போலத் தெரிந்தது. கேட்காமலேயே முகத்தையும் வெளுப்பாக்கியிருந்தார்கள்.

நேரில் போனேன். டச்சப் செய்யும் தம்பி கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. நான் இடது என்று எழுதியது பிள்ளையின் இடது கை பக்கத்தை. அவர் எடுத்துக்கொண்டது படத்தைப் பார்ப்பவரின் இடதை. காலர் மடிந்தது கண்ணுக்கே தெரிந்ததால் அதில் பக்கம் மாறவில்லை, ஆனால் மறுபக்கக் காலரையே புரட்டி ஒட்டியிருந்தார். வெயில் ஒரு பக்கமிருந்து விழுந்த படம் அது. புரட்டினால் நிழலும் சேர்ந்து புரளும், வெயில் படவேண்டிய பக்கத்தில் நிழல் உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்கு உறுத்தியது அதுதான்.

"வகுப்புக்குள்ள எடுத்த தனிப்படத்துல காலர் நல்லா இருக்கே தம்பி, அதை வைக்கலாமா?" என்றேன்.

"அது ஃபிளாஷ் வெளிச்சம்க்கா, வெயில் படத்துல ஒட்டாது. பக்கத்துல நிக்கிற பிள்ளையும் இதே யூனிஃபார்ம்தான், இதே வெயில்தான். அந்தப் பிள்ளையோட அதே பக்கத்துக் காலரை எடுத்தாச் சரியா உக்காரும்" என்றார்.

ரிப்பனுக்கும் வழி இருந்தது. யாராவது கண்ணை மூடிவிடுவார்கள் என்பதால் குரூப் படத்தை நாலைந்து தடவை எடுப்பார்களாம். அதில் ஒன்றில் ரிப்பன் வால் கன்னத்தை விட்டு விலகிப் பறந்திருந்தது. அங்கேயிருந்து கன்னத்தை எடுத்தால் அது அவளுடைய சொந்தக் கன்னமாகவே இருக்கும், வரைந்த கன்னமாக இருக்காது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து எழுதிய இரண்டாவது கடிதம் இது:

"ஐயா, வணக்கம். ஐந்தாம் வகுப்பு குரூப் படம், ஃபைல் பெயர் DSC_0412.JPG. படத்தைப் பார்ப்பவரின் இடதிலிருந்து எண்ணினால், இரண்டாவது வரிசையில் நான்காவதாக நிற்பவள் என் மகள். கீழே சொல்லும் பக்கங்கள் எல்லாம் படத்தைப் பார்ப்பவரின் பக்கங்கள்.

வலது பக்கக் காலர் ஓவர்கோட்டுக்குள் மடிந்துள்ளது. ஐந்தாவதாக நிற்கும் பிள்ளையின் வலது காலரைப் பார்த்து, வெளியே எடுத்துவிட்டது போல வைக்கவும். இடது காலரைப் புரட்டி ஒட்ட வேண்டாம்.

வலது ஜடையின் ரிப்பன் வால் கன்னத்தில் கிடக்கிறது. DSC_0414.JPG படத்திலிருந்து கன்னத்தை எடுத்து அதை நீக்கவும். இடது ரிப்பனை முதலில் இருந்தபடியே விடவும்.

முகத்தின் நிறம், நெற்றித் தழும்பு, காற்றில் பறக்கும் முடி, இவற்றைத் தொட வேண்டாம். பிரிண்ட் போடும் முன் எனக்கு ஒருமுறை காட்டவும்."

கடிதத்தோடு மாதிரிப் படத்தையும் வைத்து, இரண்டு இடங்களிலும் பேனாவால் வட்டம் போட்டேன். தம்பியிடம் திருத்திய படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், காலர் ஓரம் பிசிறடிப்பது போனில் தெரியாது.

மறுநாள் மாலையே வந்தது. காலரின் கூர்முனை ஓவர்கோட் மேல் படிந்து, அதன் கீழே மெல்லிய நிழல் பக்கத்துப் பிள்ளைக்கு விழுந்த அதே திசையில் விழுந்திருந்தது. கன்னம் தெளிவாக இருந்தது. ஒன்று மட்டும் ஆகவில்லை. காலரின் வெள்ளையில் வெயில் அடித்த இடத்தில் தையல் தெரியவில்லை. கேமராவில் வெள்ளை முழுக்க வெளிறிவிட்டால் அதற்குள்ளிருந்து எடுக்க ஒன்றுமில்லை, வரைந்தால் பொய்யாகத் தெரியும் என்றார் தம்பி. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிரிண்டுக்குச் சம்மதம் என்று எழுதி, டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். மகள் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "அம்மா, தழும்பு இருக்கு" என்றாள். இருக்கட்டும் என்றுதான் எழுதினேன் என்றேன்.